எல்.இ.டி.யில் பிளாங்க் மாறிலி: விடை ஏன் முரண்டுபிடிக்கிறது?

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு எல்.இ.டி.கள். ஒவ்வொன்றும் எத்தனை வோல்ட்டில் எரியத் தொடங்குகிறது என்று ஒரு மாணவி அளந்து எழுதிவைக்கிறாள். அந்த நான்கு எண்களையும் ஒரு வழியில் கணக்குப் போட்டால் பிளாங்க் மாறிலி 6.06 × 10⁻³⁴ ஜூல் விநாடி என்று வருகிறது. உண்மை மதிப்பு 6.626 × 10⁻³⁴. எட்டரை சதவீதம்தான் குறைவு, பாராட்டத்தக்க விடை. அதே நான்கு எண்களை, பாடநூல்கள் மேலானது என்று சொல்லும் இன்னொரு வழியில் கணக்கிட்டால் 8.93 × 10⁻³⁴ வருகிறது. உண்மையைவிட 35 சதவீதம் அதிகம். அளவீடு மாறவில்லை, கருவி மாறவில்லை, கூட்டல் கழித்தலில் பிழையும் இல்லை. பிறகு எப்படி?

இந்தியக் கல்லூரிகளின் பி.எஸ்சி. இயற்பியல் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் சோதனை இது. குறைந்தது நான்கு வண்ண எல்.இ.டி.களைக் கொண்டு பிளாங்க் மாறிலியைக் காண வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டமே சொல்கிறது. செலவு குறைவு. சில ரூபாய் விளக்குகள், ஒரு மின்கலம், ஒரு மல்டிமீட்டர் போதும். நவீன இயற்பியலின் அடித்தள எண் ஒன்று மேசை மேலேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் கிடைக்கும் எண் பெரும்பாலும் பத்து, இருபது, முப்பது சதவீதம் தள்ளியே நிற்கும். "மனிதத் தவறு, கருவித் தவறு" என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு மாணவர்கள் நகர்ந்துவிடுவார்கள். அந்த வரி அநேகமாக உண்மையல்ல. மல்டிமீட்டர் சரியாகத்தான் அளந்திருக்கும். கோளாறு சோதனையின் அடிப்படை அனுமானத்தில் இருக்கிறது.

அந்த அனுமானம் என்ன என்று பார்ப்பதற்கு முன், தேடும் எண்ணைப் பற்றிக் கொஞ்சம். ஒளி சிறு சிறு பொட்டலங்களாகவே ஆற்றலைக் கொடுக்கும், வாங்கும். அந்தப் பொட்டலத்தின் பெயர் ஃபோட்டான். ஒளியின் அதிர்வெண் கூடினால் பொட்டலத்தின் ஆற்றலும் அதே விகிதத்தில் கூடும். அந்த விகிதம்தான் பிளாங்க் மாறிலி, குறியீடு h. சூடான பொருள்கள் வெளியிடும் கதிர்வீச்சை விளக்க முயன்ற மாக்ஸ் பிளாங்க் 1900 டிசம்பரில் இதை அறிமுகப்படுத்தினார். அன்று அவர் கணக்கிட்ட மதிப்பு, இன்றைய அலகில் சொன்னால், 6.55 × 10⁻³⁴. ஒரு சதவீதத்துக்குச் சற்றே கூடுதலான பிழைதான். குறைக்கடத்தி என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்தில் பிறந்த அந்த எண், இன்றைய மாணவியின் எண்ணைவிடத் துல்லியமானது!

எல்.இ.டி.க்கும் இந்த மாறிலிக்கும் உள்ள தொடர்பு எளிமையானது. எல்.இ.டி. என்பது இரு வகைக் குறைக்கடத்திகள் சேரும் ஒரு சந்தி. ஒரு பக்கம் எலக்ட்ரான்கள் மிகுதி, மறுபக்கம் அவை இல்லாத காலியிடங்கள் மிகுதி. காலியிடங்களைத் 'துளைகள்' என்பார்கள். எலக்ட்ரான் துளையில் விழும்போது, அந்தப் பொருளுக்கே உரிய ஓர் ஆற்றல் இடைவெளியைக் கடந்து கீழே வருகிறது. இழந்த ஆற்றல் ஒரு ஃபோட்டானாக வெளியேறுகிறது. இடைவெளி சிறியதென்றால் சிவப்பு, பெரியதென்றால் நீலம். எலக்ட்ரானை அந்த உயரத்துக்கு ஏற்றிவிடுவது வெளியிலிருந்து தரும் மின்னழுத்தம். V வோல்ட் தந்தால் ஓர் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் ஆற்றல் eV. ஏறிய அளவே இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் eV = hν. இங்கே e எலக்ட்ரானின் மின்னூட்டம், ν ஒளியின் அதிர்வெண். விளக்கு எரியத் தொடங்கும் மின்னழுத்தத்தையும் ஒளியின் அலைநீளத்தையும் அளந்தால் h கைக்கு வந்துவிட வேண்டும்.

இதில் ஒரு வசதியான குறுக்குவழி உண்டு. 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், அந்த ஒளியின் ஃபோட்டானுக்கு ஈடான வோல்ட் கிடைக்கும். 630 நானோமீட்டர் சிவப்புக்கு 1.97 வோல்ட். 590 மஞ்சளுக்கு 2.10. 525 பச்சைக்கு 2.36. 470 நீலத்துக்கு 2.64. மேலே சொன்ன சமன்பாடு முழு உண்மை என்றால் விளக்குகள் சரியாக இந்த மின்னழுத்தங்களில்தான் எரியத் தொடங்க வேண்டும்.

இனி அளவீட்டுக்கு வருவோம். 9 வோல்ட் மின்கலத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு பொட்டன்ஷியோமீட்டர். அதிலிருந்து மாற்றிக்கொள்ளக்கூடிய மின்னழுத்தம் எடுத்து, எல்.இ.டி.யோடு 1,000 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைக்கிறார்கள். அந்த மின்தடை விளக்கைக் காப்பாற்றுகிறது, மின்னோட்டத்தை அளக்கவும் உதவுகிறது. அதன் குறுக்கே 0.1 வோல்ட் காட்டினால் சுற்றில் ஓடுவது 0.1 மில்லிஆம்பியர். பொட்டன்ஷியோமீட்டரை மெல்லத் திருப்பி மின்னோட்டம் 0.1 மில்லிஆம்பியர் ஆகும் தருணத்தில், எல்.இ.டி.யின் இரு கால்களுக்கு நடுவே உள்ள மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு விளக்குக்கும் இதே நிபந்தனை.

காட்டாக, இந்த வகை விளக்குகளில் வழக்கமாகக் காணும் அளவை ஒட்டிய நான்கு எண்களை எடுத்துக்கொள்வோம். சிவப்பு 1.70 வோல்ட், மஞ்சள் 1.80, பச்சை 2.30, நீலம் 2.55. முன்பு பார்த்த ஃபோட்டான் ஈடுகளோடு ஒப்பிட்டால் நான்குமே குறைவு என்பது கண்ணில் படும். சிவப்பில் 0.27 வோல்ட் குறைவு, மஞ்சளில் 0.30, பச்சையில் 0.06, நீலத்தில் 0.09. இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி முழுவதும் இந்த நான்கு பற்றாக்குறைகளைப் பற்றியதுதான்.

முதல் கணக்கு நேரடியானது. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக eV-யை அதிர்வெண்ணால் வகுத்தால் சிவப்பு 5.72, மஞ்சள் 5.68, பச்சை 6.45, நீலம் 6.41 என்று வரும் (எல்லாம் 10⁻³⁴ ஜூல் விநாடியில்). சராசரி 6.06. இரண்டாவது வழி, கிடைமட்டத்தில் அதிர்வெண், செங்குத்தில் மின்னழுத்தம் வைத்து வரைபடம் போட்டு, நான்கு புள்ளிகளுக்கும் பொருந்தும் நேர்க்கோட்டின் சாய்வை எடுத்து e-யால் பெருக்குவது. சரியான சாய்வு என்றால் அதிர்வெண் 10¹⁴ ஹெர்ட்ஸ் கூடும்போது மின்னழுத்தம் 0.41 வோல்ட் கூட வேண்டும். நம் புள்ளிகள் தருவதோ 0.56 வோல்ட். அதுதான் 8.93. போதாக்குறைக்கு, அந்தக் கோடு செங்குத்து அச்சைச் சுழியில் வெட்டாமல், ஏறத்தாழ ஒரு வோல்ட் கீழே, −0.97 வோல்ட்டில் வெட்டுகிறது.

வரைபடம் போடும் முறையைத்தான் ஆசிரியர்கள் விரும்புவார்கள். அதற்கு நல்ல காரணமும் உண்டு. எல்லா அளவீட்டிலும் ஒரே அளவு பிழை ஒட்டிக்கொண்டிருந்தால் கோடு மேலோ கீழோ நகருமே தவிர அதன் சாய்வு மாறாது. இந்த நம்பிக்கை ராபர்ட் மில்லிகனிடமிருந்து வந்தது எனலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் உழைத்து 1916-இல் அவர் வெளியிட்ட முடிவு 6.57 × 10⁻³⁴. அவர் எல்.இ.டி.க்கு நேர் எதிரான வேலையைச் செய்தார். உலோகத்தின் மீது ஒளியைப் பாய்ச்சி, அதிலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களை நிறுத்த எத்தனை வோல்ட் வேண்டும் என்று அளந்தார். சோடியம், லித்தியம் போன்ற உலோகங்களின் மேற்பரப்பு நொடியில் கறுத்துவிடும் என்பதால், வெற்றிடக் குழாய்க்குள்ளேயே சுழலும் கத்தி வைத்து அவற்றைச் சீவிச் சீவி அளந்தார். ஐன்ஸ்டைனின் ஃபோட்டான் கருத்தின் மீது அவருக்கு நம்பிக்கையே இல்லை என்பது வேறு கதை.

மில்லிகனுக்கும் தொல்லை தந்த ஒரு கூடுதல் மின்னழுத்தம் இருந்தது. வெவ்வேறு உலோகங்கள் ஒரே சுற்றில் சேரும்போது தானாக உண்டாகும் தொடு மின்னழுத்தம் அது. ஆனால் அவர் ஒரே உலோகத் துண்டின் மீது பல அதிர்வெண் ஒளிகளைப் பாய்ச்சினார். எனவே அந்தத் தொல்லை எல்லாப் புள்ளிகளிலும் ஒரே அளவில் உட்கார்ந்திருந்தது, சாய்வைத் தொடவில்லை. எல்.இ.டி. சோதனையில் நிலைமை வேறு. இங்கே ஒவ்வொரு அதிர்வெண்ணும் ஒரு தனிப் பொருளிலிருந்து வருகிறது. பிள்ளைகளின் உயர வித்தியாசத்தைக் காண எல்லோரையும் ஒரே முக்காலியில் ஏற்றி அளந்தால் குற்றமில்லை. ஆளுக்கொரு முக்காலி கொடுத்து, அவற்றின் உயரத்தையும் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? எல்.இ.டி. சோதனையில் நடப்பது அதுதான்.

நம் நான்கு எண்களில் முக்காலிகள் இரண்டே வகை என்பது சட்டென்று தெரிகிறது. சிவப்பும் மஞ்சளும் ஏறத்தாழ 0.28 வோல்ட் பள்ளத்தில் நிற்கின்றன. பச்சையும் நீலமும் 0.07 வோல்ட் பள்ளத்தில். இது தற்செயல் அல்ல. இன்று கடையில் கிடைக்கும் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் எல்.இ.டி.கள் அலுமினியம், காலியம், இண்டியம், பாஸ்பரஸ் சேர்ந்த படிகத்தால் ஆனவை. பச்சையும் நீலமும் இண்டியம் காலியம் நைட்ரைடு என்ற முற்றிலும் வேறொரு குடும்பம். 1990-களில் ஜப்பானில் உருவாகி, 2014-இல் அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் நோபல் பரிசு பெற்றுத் தந்த நீல விளக்கின் குடும்பம் அது. வரைபடத்தின் இடது முனையில் ஒரு குடும்பம் ஆழமாக அமிழ்ந்தும், வலது முனையில் இன்னொன்று மேலாக மிதந்தும் நின்றால், இரண்டையும் இணைக்கும் கோடு தேவைக்கு மேல் செங்குத்தாகத்தானே எழும்? 8.93 வந்த காரணம் இதுதான். சராசரி முறைக்கு நல்ல விடை கிடைத்ததில் அதன் திறமை எதுவும் இல்லை. அது எல்லாப் பள்ளங்களையும் அப்படியே விழுங்கிக்கொண்டு, அவற்றை h-இன் குறைவாகக் காட்டியது, அவ்வளவே.

சரி, பள்ளம் ஏன் வருகிறது? 1.97 வோல்ட்டுக்குச் சமமான ஃபோட்டானை, 1.70 வோல்ட் மட்டும் பெற்ற எலக்ட்ரான் எப்படி வெளியிட்டது? மீதி 0.27 எங்கிருந்து வந்தது? ஆற்றல் மாறாக் கோட்பாடு பொய்த்துவிட்டதா என்று வகுப்பில் யாராவது கேட்டால் அந்த மாணவனை மெச்ச வேண்டும்.

மீதியைக் கொடுத்தது அறையின் வெப்பம். படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே ஆற்றலில் அடங்கி உட்கார்ந்திருப்பதில்லை. வெப்பத்தால் அவை பலவாறாகப் பரவியிருக்கும். அறை வெப்பநிலையில் அந்தப் பரவலின் அளவுகோல் ஏறத்தாழ 0.026 வோல்ட்டுக்கு ஈடான ஆற்றல். பெரும்பாலானவை அதை ஒட்டியே இருக்கும். ஆனால் மிகச் சிலவற்றுக்கு அதைப்போல் பத்து மடங்கு ஆற்றல்கூட வாய்த்துவிடும். பல்லாயிரத்தில் ஒன்று என்ற விகிதம்தான். ஆனால் 0.1 மில்லிஆம்பியர் என்று நாம் அற்பமாக நினைக்கும் மின்னோட்டத்தில் நொடிக்கு 6 × 10¹⁴ எலக்ட்ரான்கள் கடக்கின்றன. வெப்பத்தின் தயவில் மேடேறிய அந்தச் சிறுபான்மையே கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஒளியைத் தரப் போதும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வியப்பான சான்று உண்டு. 2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பார்த்திபன் சந்தானம் உள்ளிட்ட ஆய்வாளர்கள், 135 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி.க்கு மிக மிகச் சிறிய மின்னழுத்தம் தந்தார்கள். உள்ளே போன மின்திறன் 30 பிக்கோவாட். வெளியே வந்த ஒளித்திறன் 69 பிக்கோவாட். உபரி முழுவதும் சுற்றுப்புற வெப்பத்திலிருந்து உறிஞ்சப்பட்டது, விளக்கு அந்த அளவுக்குக் குளிர்ந்தது. அந்த விளக்கில் eV = hν என்ற சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால் h-க்குச் சிரிப்பூட்டும் அளவு சிறிய மதிப்புதான் கிடைத்திருக்கும்.

இதிலிருந்தே இன்னொரு உண்மையும் தொடர்கிறது. எல்.இ.டி. 'எரியத் தொடங்கும் மின்னழுத்தம்' என்று துல்லியமான ஒன்று இயற்கையில் கிடையாது. மின்னழுத்தம் ஏற ஏற மின்னோட்டம் அடுக்குமுறையில் பெருகுகிறது. எல்.இ.டி.யைப் பொறுத்து, ஒவ்வொரு 0.06 முதல் 0.12 வோல்ட் உயர்வுக்கும் மின்னோட்டம் பத்து மடங்காகிறது. எந்த இடத்திலும் ஒரு முறிவு இல்லை. வரைபடத்தில் முழங்கால்போல் ஒரு வளைவு தெரிவது நாம் தேர்ந்தெடுத்த அச்சின் அளவால் வரும் தோற்றம். அதிகபட்சம் 20 மில்லிஆம்பியர் காட்டும் தாளில் முழங்கால் ஓரிடத்தில் தெரியும். அதே விளக்கை அதிகபட்சம் 0.2 மில்லிஆம்பியர் காட்டும் தாளில் வரைந்தால் முழங்கால் 0.12 முதல் 0.24 வோல்ட் இடப்பக்கம் நகர்ந்துவிடும். மின்னோட்டத்தை மடக்கை அளவில் குறித்துப் பார்த்தால் வெறும் நேர்க்கோடுதான் தெரியும். முழங்காலே இருக்காது.

கண்ணால் பார்த்து 'இப்போதுதான் எரிகிறது' என்று சொல்லும் முறை இன்னும் சிக்கல். பகல் வெளிச்சத்தில் பார்ப்பவருக்கும், விளக்கைக் கறுப்புக் குழாய்க்குள் வைத்து இருளுக்குப் பழகிய கண்ணோடு பார்ப்பவருக்கும் தேவைப்படும் ஒளி ஆயிரம் மடங்கு வேறுபடலாம். ஆயிரம் மடங்கு என்றால் மூன்று பத்துகள், அதாவது 0.18 முதல் 0.36 வோல்ட். மேலும், இருளில் நம் கண் நீலப் பச்சையை எளிதில் பிடித்துக்கொள்ளும், சிவப்பைத் தவறவிடும். ஆகவே கண்ணின் பிழை வண்ணத்துக்கு வண்ணம் வேறுபட்டு, நேரே வரைபடத்தின் சாய்வுக்குள் நுழைந்துவிடுகிறது. ஒரே மின்னோட்டத்தில் எல்லா விளக்கையும் அளப்பது இந்த வகையில் நேர்மையான வழி. அது பள்ளத்தை நீக்காவிட்டாலும், பள்ளம் எந்த நிபந்தனையில் அளக்கப்பட்டது என்றாவது தெரியும்.

மின்னோட்டத்தைக் கூட்டினால் பள்ளம் குறையுமே, அப்படியே செய்தால் என்ன? குறையும், பிறகு மறுபக்கம் மேடாகிவிடும். எல்.இ.டி.யின் படிகத்துக்கும் அதன் இணைப்புகளுக்கும் சொந்த மின்தடை உண்டு. அது 10 ஓம் என்றால், 10 மில்லிஆம்பியரில் 0.1 வோல்ட் அதிலேயே வீணாகும். ஒளிக்கும் அந்த 0.1-க்கும் சம்பந்தமில்லை. நைட்ரைடு விளக்குகளில் இந்த இழப்பு இன்னும் கூடுதல். காலியம் நைட்ரைடில் துளைகளை எளிதாகச் செலுத்த முடிவதில்லை. அடுக்குகளுக்கு நடுவே கூடுதல் தடுப்புகளும் உண்டு. எனவே 10 மில்லிஆம்பியரில் சிவப்பு 1.95 வோல்ட் காட்டும்போது பச்சையும் நீலமும் 2.95-ஐ ஒட்டி நிற்பது சாதாரணம். பச்சையின் ஃபோட்டானுக்குத் தேவை 2.36 மட்டுமே! மஞ்சளுக்கு 2.00 என்று வைத்து அந்த நான்கு எண்களிலும் கணக்கிட்டால் சராசரி 7.1 ஆகவும், சாய்வு தரும் விடை 11.5 ஆகவும் எகிறிவிடும்.

இங்கேதான் சோதனையின் சூழ்ச்சி இருக்கிறது. குறைந்த மின்னோட்டத்தில் பள்ளம், மிகுந்த மின்னோட்டத்தில் மேடு என்றால், நடுவே ஏதோ ஒரு மின்னோட்டத்தில் எந்த எல்.இ.டி.யும் சரியான விடை தந்தே தீரும். மஞ்சள் விளக்கு 20 மில்லிஆம்பியரில் 2.1 வோல்ட் காட்டினால் h = 6.62 × 10⁻³⁴ என்று வரும். ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிழையில்லை. ஆய்வகமே கைதட்டும். ஆனால் வெப்பம் கொடுத்த கடனும் மின்தடை பிடித்த வரியும் தற்செயலாக ஒன்றையொன்று அடித்துக்கொண்டதன் விளைவு அது. விளக்கைக் கொஞ்சம் சூடாக்கினாலோ, வேறு நிறுவனத்தின் மஞ்சளை மாட்டினாலோ அந்த அற்புதம் கலைந்துவிடும். தெரிந்த விடை வரும்வரை மின்னோட்டத்தைத் திருகிக்கொண்டிருப்பது அளவீடு ஆகாது.

மின்னழுத்தத்தைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசியதால் அலைநீளம் ஏதோ குற்றமற்றது என்று தோன்றலாம். அதிலும் கோளாறுகள் உண்டு, ஆனால் சிறியவை. எல்.இ.டி. லேசரைப்போல ஒற்றை அலைநீளத்தில் ஒளிர்வதில்லை. பச்சையின் பட்டை 30 முதல் 35 நானோமீட்டர் அகலம். 525 என்று எழுதுகிறோம், உண்மையில் அதன் இருபுறமும் மூன்று சதவீதம் பரவல் இருக்கிறது. விவரத் தாளில் உச்ச அலைநீளம், கண்ணுக்குத் தோன்றும் ஆதிக்க அலைநீளம் என இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள். சிவப்பில் இவை எட்டுப் பத்து நானோமீட்டர் வேறுபடும். கணக்குக்கு வேண்டியது உச்ச அலைநீளம். கடைக்காரர் பையில் எழுதித் தரும் எண்ணை நம்புவதைவிட, விளிம்பு விளைவுக் கீற்றணி ஒன்றை வைத்து ஒரு முறை அளந்துவிடுவது நல்லது. வெள்ளை எல்.இ.டி.யை மட்டும் இந்தச் சோதனைக்குள் விடவே கூடாது. அது நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு பூசியது. மின்னழுத்தம் நீலத்துக்கு உரியது, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பாதி பூச்சுக்கு உரியது. இளஞ்சிவப்பு முதலான சில அலங்கார வண்ண விளக்குகளும் இப்படிப்பட்டவையே.

சோதனையைச் சீராக்க முடியுமா? ஓரளவு முடியும். ஒரே குடும்பத்து விளக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டால் முக்காலி ஏறத்தாழ ஒன்றாகிவிடும். நம் எண்களில் பச்சை, நீலம் இரண்டை மட்டும் சேர்த்துச் சாய்வு எடுத்தால் விடை 6.0. பிழை 35 சதவீதத்திலிருந்து பத்துக்குள் இறங்கிவிட்டது. ஆனால் சிவப்பு, மஞ்சள் இரண்டை மட்டும் எடுத்தால் 4.97 தான் கிடைக்கிறது, 25 சதவீதம் குறைவு. காரணம் எளிது. இரண்டுக்கும் நடுவே எதிர்பார்க்க வேண்டிய வித்தியாசமே 0.13 வோல்ட். அளந்தது 0.10. வெறும் 0.03 வோல்ட் பிசகு விடையில் கால் பங்கைத் தின்றுவிட்டது. அதிர்வெண்கள் நெருங்கி இருந்தால் சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும். விலகி இருக்க வேண்டும் என்றால் குடும்பம் மாற வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டதுதான் எல்.இ.டி. முறையின் நிரந்தர வரம்பு.

இன்னொரு வழி, பள்ளத்தின் காரணத்தையே பிடிப்பது. வெப்பம்தான் கடன் கொடுக்கிறது என்றால், வெப்பத்தைக் குறைத்தால் கடன் குறைய வேண்டும். மின்னோட்டத்தை 0.1 மில்லிஆம்பியரிலேயே நிறுத்திவிட்டு விளக்கைக் குளிர்வித்தால் மின்னழுத்தம் மெல்ல ஏறுவதைக் காணலாம். சிவப்பில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிவோல்ட். பனிக்கட்டி நீரிலும் வெந்நீரிலும், ஈரம் படாதபடி பாதுகாத்து, இதைச் செய்யலாம். பல வெப்பநிலைகளில் அளந்து, கோட்டைத் தனிச்சுழி வெப்பநிலை வரை நீட்டினால் வெப்பத்தின் பங்கு நீங்கிய மின்னழுத்தம் கிடைக்கும். இதற்கும் ஒரு விலை உண்டு. குளிரும்போது படிகத்தின் ஆற்றல் இடைவெளியே கொஞ்சம் விரிகிறது. திரவ நைட்ரஜனில் அமிழ்த்திய சிவப்பு எல்.இ.டி. ஆரஞ்சாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எனவே நீட்டிய கோடு தரும் மின்னழுத்தம் அறையில் அளந்த அலைநீளத்துக்கு உரியதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். முன்பு குறைவாக வந்த விடை இப்போது சில சதவீதம் மிகையாக வரும்.

2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியின் மதிப்பு 6.62607015 × 10⁻³⁴ ஜூல் விநாடி என்று வரையறையாகவே நிறுவப்பட்டுவிட்டது. கிலோகிராமே இப்போது அந்த எண்ணிலிருந்துதான் பெறப்படுகிறது. ஆகவே கல்லூரி ஆய்வகத்தில் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. h தெரியும், அலைநீளம் தெரியும் என்றால், அந்தச் சோதனை உண்மையில் அளப்பது ஒவ்வொரு விளக்கின் பள்ளத்தை. பதிவேட்டில் ஒரே ஒரு h மதிப்பையும் சதவீதப் பிழையையும் எழுதி முடிப்பதற்குப் பதிலாக, நான்கு விளக்கின் பற்றாக்குறையையும் ஒரு பத்தியில் எழுதச் சொல்லலாம். 0.1 மில்லிஆம்பியரில் ஒரு முறை, 1 மில்லிஆம்பியரில் ஒரு முறை, 10 மில்லிஆம்பியரில் ஒரு முறை. மூன்று வரிசைகளையும் பக்கத்தில் வைத்தால் எந்த விளக்கு எந்தக் குடும்பம், எதில் மின்தடை அதிகம் என்பது ஆசிரியர் சொல்லாமலே மாணவர்களுக்குத் தெரிந்துவிடும். வினாத்தாள் அமைப்பவர்கள் இந்த மாற்றத்தைக் கருத வேண்டும். செய்முறைத் தேர்வில் 6.63-க்கு மதிப்பெண் தராமல், அளந்த மின்னோட்டத்தைக் குறிப்பிட்டதற்கும் பள்ளத்தை விளக்கியதற்கும் தந்தால் போதும்.